குவேக்கர் மௌன ஆராதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விளாத்திகுளம் பக்கத்து ஒரு கிராமத்தில், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். வேலைக்காக இங்கிலாந்து வந்து, வடக்கே ஒரு சிற்றூரில் பதின்மூன்று வருடமாகக் குவேக்கர் கூடுகைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நடுவில் மூன்று வருடம் மூப்பர் பொறுப்பிலும் இருந்தேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் இங்குள்ள தமிழ் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

குவேக்கர் என்றால் யார்? ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டிருக்கிறாரே, அவரா?

ஓட்ஸ் கம்பெனி பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. வேறு சம்பந்தம் இல்லை. குவேக்கர்கள் 1650 வாக்கில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ இயக்கத்தார். ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) என்பவரைச் சுற்றித் தொடங்கியது. 1650-இல் டார்பி ஊரில் அவரை விசாரித்த நீதிபதியிடம், ‘ஆண்டவரின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள்’ என்று ஃபாக்ஸ் சொல்லப்போக, அவர் கேலியாக ‘நடுங்கிகள்’ என்று வைத்த பெயர்தான் குவேக்கர். தங்களுக்குள் அவர்கள் ‘நண்பர்கள்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் குவேக்கர்களும் மௌனமாகக் கூடுவதில்லை. உலகிலேயே குவேக்கர்கள் மிக அதிகமாக இருக்கும் கென்யாவில் போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. கீழே நான் எழுதுவது பிரிட்டனில் உள்ள பழைய முறையைப் பற்றி.

போதகர் இல்லை, பாட்டு இல்லை, ஜெபப் புத்தகம் இல்லை. அப்புறம் அங்கே என்னதான் நடக்கும்?

எங்கள் இடத்தைச் சொல்கிறேன். வெள்ளையடித்த ஒரு அறை. பீடம், சிலுவை, படம் எதுவும் கிடையாது. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி வட்டமாகப் போட்டிருக்கும். நடுவில் ஒரு சிறிய மேசை. அதில் யாராவது தோட்டத்திலிருந்து பறித்து வந்த பூ, ஒரு பைபிள், பிரிட்டன் குவேக்கர்களின் நூல் ஒன்று. ‘முன்’ என்று சொல்ல ஒரு பக்கமே இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

பத்தரைக்குத் தொடக்கம் என்று பலகையில் எழுதியிருந்தாலும், முதல் ஆள் வந்து அமைதியாக உட்கார்ந்த நொடியிலேயே ஆராதனை தொடங்கிவிட்டது என்பதுதான் வழக்கம். மணி அடிப்பதில்லை, யாரும் ‘ஜெபிப்போம்’ என்று சொல்வதில்லை. பிந்தி வருகிறவர்களை மூப்பர் கதவருகே நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் கழித்து ஒரே தடவையாக உள்ளே அனுப்புவார். ஒவ்வொருவராக வந்தால் அடங்கி வருகிற அமைதி மறுபடி மறுபடி கலையும். பிள்ளைகள் முதல் கால் மணி நேரமோ கடைசிக் கால் மணி நேரமோ கூட இருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏவுதல் வந்தால் எழுந்து பேசுவார், உட்காருவார். மறுபடி மௌனம். சுமார் ஒரு மணி நேரம் ஆனதும் இரண்டு மூப்பர்கள் கை குலுக்குவார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்குவோம். கூடுகை முடிந்தது. அறிவிப்பு, அப்புறம் தேநீர்.

எழுதி வைத்த நல்ல ஜெபங்கள் எத்தனையோ இருக்கிறதே. அவை ஏன் கூடாது?

கூடாது என்பதல்ல. ஜெபப் புத்தகத்தோடு வளர்ந்தவன் நான். அந்த வரிகளில் பல இன்னும் எனக்கு மனப்பாடம். ஆனால் முதல் குவேக்கர்களுக்கு அதில் ஒரு பயம் இருந்தது. இன்னொருவர் அனுபவித்துச் சொன்னதை, நாம் அனுபவிக்காமலே நம்முடையதுபோலச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

1652-இல் அல்வர்ஸ்டன் ஊர்க் கோயிலில் ஃபாக்ஸ் எழுந்து பேசினார். ‘கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர்கள் அப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள், நீ என்ன சொல்வாய்?’ என்பது அவர் கேட்டதன் சாரம். அங்கே இருக்கையில் இருந்த மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணி அதைக் கேட்டு உட்கார்ந்து அழுதார். நாமெல்லாம் திருடர்கள், வேத வசனங்களை வார்த்தையாக மட்டும் எடுத்துக்கொண்டோம், உள்ளே ஒன்றும் அறியவில்லை என்று ஆண்டவரிடம் கதறியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்த மௌனம் முழுவதும் வருகிறது என்று நான் நினைக்கிறேன். சொல்ல எனக்கென்று ஒன்று கொடுக்கப்படும்வரை வாயை மூடிக் காத்திருப்பது.

இது தியானம்தானே? வீட்டிலேயே கண்ணை மூடி உட்கார்ந்தால் போதாதா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ‘சும்மா இரு’ என்ற சொல் புதிதல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு இரண்டு. இங்கே நடுவில் ஒரு குரு இல்லை. இன்னொன்று, இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக உள்ளே போவதல்ல நோக்கம். எல்லோரும் சேர்ந்து காது கொடுப்பது. எந்த நேரத்திலும் ஒருவர் வழியாக எல்லோருக்கும் ஒரு வார்த்தை வரலாம் என்ற எதிர்பார்ப்போடு உட்கார்ந்திருப்பது.

ராபர்ட் பார்க்லே என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1670-களிலேயே இதற்கு ஒரு உவமை எழுதினார்: பல மெழுகுவர்த்திகளை ஏற்றி ஒரே இடத்தில் வைத்தால் வெளிச்சம் பெருகுவதுபோல. சில நாள் அது நடக்கும். இருபது நிமிடம் ஆனபின் அறையின் அமைதியே மாறும். இருமல் நிற்கும், நாற்காலி கிரீச்சிடுவது நிற்கும், மூச்சுகூட மெதுவாகும். ‘இன்று கூடுகை கூடி வந்தது’ என்று தேநீரின்போது பேசிக்கொள்வோம். வராத நாட்களும் உண்டு. அதை யாரும் வரவழைக்க முடியாது.

ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ ஓடுமே?

ஓடும். எனக்கு இன்றும் முதல் பத்து நிமிடம் அலுவலகமும் அடுப்பில் வைத்த குழம்பும்தான். அதோடு சண்டை போடக் கூடாது. ‘நினைக்காதே’ என்று அதட்டினால் அதுவே ஒரு நினைப்பாகிவிடும். நான் செய்வது: பாதம் தரையில் படுவதைக் கவனிப்பேன், பிறகு அறையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து மனத்துக்குள் அவர்களுக்காக வேண்டிக்கொள்வேன். பாதி வட்டம் போவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலர் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மேசையிலிருக்கும் நூலை எடுத்து ஒரு பத்தி வாசிப்பவர்களும் உண்டு, தவறில்லை.

தூக்கம் வந்தால் வரட்டும். குறட்டை விட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகத் தொடுவார்.

யார் வேண்டுமானாலும் பேசலாமா? பெண்கள்? அன்றைக்குத்தான் முதல் முறை வந்தவர்?

எல்லோரும். பெண்கள் பேசுவது தொடக்கத்திலிருந்தே உண்டு. மேலே சொன்ன மார்கரெட் ஃபெல், லங்காஸ்டர் சிறையில் இருந்தபோது அதை ஆதரித்து எழுதிய சிறு நூல் 1666-இல் அச்சானது. முன்பு, ஊழிய வரம் உள்ளவர் என்று சிலர் பெயரைப் பதிவு செய்யும் வழக்கம் பிரிட்டனில் இருந்தது. 1924-இல் அதையும் விட்டுவிட்டார்கள். முதல் நாள் வந்தவர் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, சில வாரம் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்பதுதான்.

இப்போது நான் பேச வேண்டும் என்பது எப்படித் தெரியும்? இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

அதிகம் கேட்கப்படுவதும் கஷ்டமானதும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பேச வேண்டும் என்று தீர்மானித்தும் வரக் கூடாது, பேசவே மாட்டேன் என்று தீர்மானித்தும் வரக் கூடாது. இது நண்பர்களிடையே பழைய அறிவுரை. மௌனத்தில் ஒரு எண்ணம் எழும். முதலில் அதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை போய்விடும். சில திரும்பி வரும். திரும்பி வந்ததிடம் மூன்று கேள்வி கேட்பேன். இது எனக்கா, எல்லோருக்குமா? எனக்கென்றால், வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது, பேச வேண்டியதல்ல. அடுத்து, இப்போதா, இன்னொரு நாளா? சரியான வார்த்தைகூட நேரம் தப்பி வரலாம். ஒருவர் இப்போதுதான் துக்கத்தைச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார் என்றால் என்னுடையது காத்திருக்கலாம். கடைசியாக, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ‘ஒன்றும் ஆகாது’ என்று மனசு சமாதானமாகச் சொன்னால் விட்டுவிடுவேன். விட முடியாமல் அழுத்தினால் எழுவேன்.

பலருக்கு உடம்பும் சொல்லும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வாய் உலரும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. மேடை பயத்திலும் நெஞ்சு படபடக்கும், கோபத்திலும் படபடக்கும். எனக்குத் தெரிந்த இன்னும் நம்பகமான அடையாளம் வேறு. எண்ணம் நீண்டுகொண்டே போய், ‘இதைச் சொன்னால் எப்படி இருக்கும், அந்த உதாரணத்தையும் சேர்க்கலாமே’ என்று நான் மெருகேற்றத் தொடங்கிவிட்டால், அது உரை தயாரிப்பு. ஏவுதலாக வருவது பெரும்பாலும் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மூன்று நான்கு வாக்கியம்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஜான் உல்மன் (1720–1772) தன் நாட்குறிப்பில் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. இளைஞராக இருந்தபோது ஒரு கூடுகையில் உள்ளே பலமாக உந்தப்பட்டு எழுந்து பேசினார். ஆனால் தனக்குத் திறந்து காட்டப்பட்ட இடத்தோடு நிற்காமல், கேட்கப்பட்டதைவிடக் கூடுதலாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்த கையோடு அது தெரிந்துவிட்டது. சில வாரங்கள் ஒரு வெளிச்சமும் ஆறுதலும் இல்லாமல் மனம் நொந்து கிடந்தார். சுமார் ஆறு வாரம் கழித்து மறுபடி அன்பின் ஊற்று திறந்தாற்போல இருந்தபோது சில வார்த்தை மட்டும் சொன்னார். அதில் சமாதானம் இருந்தது. கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை, எவரையும் திட்டவில்லை. உண்மையான ஏவுதல்தான் வந்தது. அதற்குமேல் கொஞ்சம் சேர்த்தார், அவ்வளவுதான். பிற்பாடு அடிமை முறைக்கு எதிராக நண்பர்களின் வீடு வீடாகப் போய்ப் பேசியவர் அவர். எவ்வளவு சொல்வது என்பதை அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டார் போலும்.

நீங்கள் பேசியிருக்கிறீர்களா?

பதின்மூன்று வருடத்தில் எட்டு ஒன்பது தடவை இருக்கும். அதில் இரண்டைச் சொல்கிறேன்.

முதல் தடவை தப்பு. அந்த வாரம் பத்திரிகையில் படித்த ஒரு செய்தி மனத்தைக் குடைந்துகொண்டிருந்தது. காரில் வரும்போதே வாக்கியங்கள் தயாராகிவிட்டன. பத்தரைக்கு உட்கார்ந்து, பத்து நாற்பத்தைந்துக்கே எழுந்து, ஏழெட்டு நிமிடம் பேசினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த மணி நேரம் கூடி வரவே இல்லை. ஒருவர் என் செய்திக்கு மறுப்புபோல ஒன்று சொன்னார், இன்னொருவர் அதற்குச் சமாதானம் சொன்னார். ஆராதனை விவாதக் கூட்டமாகிவிட்டது. தொடங்கி வைத்தவன் நான்.

இரண்டாவது, நான்கு வருடம் கழித்து. மழைக்காலம், பதினேழு பேர். எங்கள் கூடுகையில் ஒரு முதியவர் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இருபது நிமிடம் ஆகியும் அறை அடங்கவில்லை. எனக்கு என் ஆச்சி நினைவு வந்தது. கோடையில் வைப்பாற்றில் தண்ணீர் இருக்காது. மணலில் ஊற்றுத் தோண்டித்தான் எடுப்பார்கள். விட்டுவிட்டேன். திரும்பி வந்தது. குடத்தைப் பற்றி, தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியெல்லாம் கூடவே வந்தது. அதையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பார்த்தேன். பதினொன்று ஐந்து இருக்கும், நெஞ்சு அடித்துக்கொண்டது, எழுந்தேன். சொன்னது இவ்வளவுதான்: ‘எங்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் முதலில் கலங்கல்தான் வரும். என் ஆச்சி அதைச் சிரட்டையால் இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள். தெளிந்த பிறகுதான் குடத்தில் மொள்ளுவாள். அதுவரை தண்ணீரைத் தொட விடமாட்டாள்.’

உட்கார்ந்துவிட்டேன். இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. அதன்பிறகு யாரும் பேசவில்லை. கை குலுக்கும்வரை அறை அசையவில்லை.

எழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்?

எழுந்து நிற்பதே மற்றவர்களுக்கு அடையாளம். முடியாதவர் உட்கார்ந்தே பேசலாம். காது கேளாத முதியவர் எதிர்ப்பக்கம் இருப்பார், அவருக்குக் கேட்கும்படி பேசுங்கள். ‘நான் புதியவன், மன்னிக்கவும்’ போன்ற முன்னுரை வேண்டாம். காகிதம் பார்த்து வாசிக்காமல் இருப்பது நல்லது. இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரு கூடுகையில் ஒருவர் ஒரு தடவைதான். சொல்ல வந்தது தீர்ந்ததும், அழகான முடிவு தேடாமல் உட்கார்ந்துவிடுங்கள். கைதட்டலோ பதிலோ வராது.

மற்றவர் பேசி முடித்தால் குறைந்தது சில நிமிடமாவது மௌனம் விட்டுத்தான் அடுத்தவர் எழ வேண்டும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க நேரம் வேண்டாமா? இடைவெளி இல்லாமல் ஒருவர் பின் ஒருவராகப் பொரி பொரிவதுபோல எழுந்தால் எதுவும் இறங்காது. கூடுகை முடியும் தறுவாயில், நன்றாக முடிந்திருக்க வேண்டிய மௌனத்தில் கூடுதலாக ஒன்றை ஒட்டவைப்பதையும் பிரிட்டன் குவேக்கர்களின் அறிவுரைகள் தனியாகவே எச்சரிக்கின்றன.

ஒருவர் விடாமல் பேசினால்? அல்லது அரசியல் பேசினால்?

முதலில் பொறுத்துக்கொள்வோம். எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்குத் தேவைப்பட்டதாக இருக்கலாம். அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். வார்த்தை பிடிக்கவில்லையென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள் என்பார்கள்.

எல்லை தாண்டினால் மூப்பர் எழுந்து நிற்பார். ஒன்றும் சொல்லாமல் நிற்பதே பலருக்குப் புரிந்துவிடும். புரியாவிட்டால், ‘நண்பரே, நன்றி. இப்போது மௌனத்துக்குத் திரும்புவோம்’ என்று மெதுவாகச் சொல்வார். மூப்பராக இருந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை அப்படி நான் சொல்ல வேண்டி வந்தது. சொல்லும்போது பேசுபவரைவிட எனக்குத்தான் அதிகமாக நடுங்கியது. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். மனைவி விட்டுப் போயிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு மணி நேரம்தான், ஆராதனை நேரமல்ல. மாதாமாதம் அதே பொருளைப் பேசுகிறவரிடமும் தனியாகத்தான் பேச வேண்டும். சபை நடுவில் திருத்தினால் பேசாத பத்து பேரும் இனி வாய் திறக்கமாட்டார்கள்.

முழு மணி நேரமும் யாரும் பேசவில்லை என்றால் வந்தது வீணா?

இல்லை. எங்களிடம் மாதத்தில் ஒரு தடவையாவது அப்படி நடக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மாதக்கணக்கில் யாருமே பேசாத கூடுகையில் பெரும்பாலும் பயம்தான் குடியிருக்கும். ‘என் வார்த்தை அவ்வளவு உயர்ந்ததல்ல’ என்று எல்லோரும் அடக்கிக்கொள்வார்கள். பேசுவது ஒருபோதும் என் பங்கல்ல என்று நினைத்துவிடாதே என்றும் அதே அறிவுரைகள் சொல்கின்றன.

அந்தக் காலத்தில் குவேக்கர்களை, வாய் திறக்காமல் உட்கார்ந்ததற்கா ஜெயிலில் போட்டார்கள்?

ஆமாம். 1664-இல் வந்த சட்டப்படி, அரசு திருச்சபையின் முறைக்கு வெளியே, வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்குமேலோ ஆராதனைக்குக் கூடுவது குற்றம். மற்ற சபையார் பலர் ஒளிந்து கூடினார்கள். குவேக்கர்கள் கதவைத் திறந்துவைத்தே கூடினார்கள். 1682-இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் பெரும்பாலோர் சிறைக்குப் போனபின், பிள்ளைகளே வந்து உட்கார்ந்து கூடுகையை நடத்தினார்கள். அடி வாங்கியும் விடவில்லை. 1689-இல் தான் சட்டம் தளர்ந்தது.

கல்யாணம், அடக்க ஆராதனை எப்படி?

இரண்டும் இதே மௌனத்தில்தான். கல்யாணத்தில் மட்டும் முன்பே வகுத்த வார்த்தை உண்டு: மணமக்கள் எழுந்து கை பிடித்து ஒருவருக்கொருவர் உறுதி சொல்வார்கள். யாரும் அவர்களைக் கணவன் மனைவி என்று அறிவிப்பதில்லை. முடிவில், வந்த அத்தனை பேரும், எழுதத் தெரிந்த குழந்தைகள் உட்பட, சான்றிதழில் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் எழுந்து பேசலாமா?

பேசலாம். என் அம்மா இங்கே வந்திருந்தபோது மூன்றாவது ஞாயிறு எழுந்து தமிழில் ஜெபம் செய்தாள். முதல் இரண்டு வாரம் ‘என்னடா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க’ என்று சங்கடப்பட்டவள். ஒரு நிமிடம்கூட இருக்காது. அங்கே இருந்த ஒரு சின்னப் பையனுக்குக் காய்ச்சல் குணமாக வேண்டும் என்பதுதான் ஜெபம். முடித்து உட்கார்ந்தாள். மொழிபெயர்க்கலாம் என்று நான் எழப் போனேன். என் பக்கத்தில் இருந்த மூப்பர் என் முழங்கை மேல் கை வைத்தார். நான் எழவில்லை. தேநீரின்போது அந்தப் பையனின் தாய் நேராக அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.